ஆறு அங்குலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சாங்கியிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் சுமார் 14 மணி நேரம் பறந்து, விடியும் வேளையில் லண்டனில் இறங்குகிறது. வழி முழுக்க இருட்டு. இந்த நிறுவனம் 2015இல் கொண்டுவந்த பிரீமியம் எகானமிக்கு மேற்கொண்டு பணம் கட்டலாமா என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான பயணம் இல்லை.

எகானமியில் ஓர் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் இடையே 32 அங்குலம், பிரீமியத்தில் 38. முன்னால் இருப்பவர் முழுக்கச் சாய்ந்தாலும் உங்கள் முழங்கால் இடிக்காது. உங்கள் இருக்கையும் 8 அங்குலம் சாயும், கெண்டைக்காலைத் தாங்க ஒரு பலகையும் உண்டு. அமரும் பகுதியின் அகலம் பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் ஏ380 விமானத்தில் எகானமியில் பத்துப் பேர் உட்காரும் வரிசையில் இங்கே எட்டுப் பேர்தான். அதனால் பக்கத்தில் இருப்பவரோடு முழங்கைச் சண்டை இல்லை. ஜன்னலோரம் இரண்டே இருக்கைகள் என்பதால், தம்பதியாகப் போகிறவர்கள் இரவில் எழுந்து நடக்க அந்நியர் யாரையும் எழுப்ப வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் இது படுக்கை அல்ல. உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். சாப்பாட்டு நேரம் போக, தூக்கத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம் கிடைக்கும். எகானமியில் விட்டுவிட்டு வரும் தூக்கம் இங்கே கொஞ்சம் தொடர்ந்து வரும், அவ்வளவுதான். கட்டண வித்தியாசம் 700 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 வெள்ளி. உயரமானவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், இறங்கிய அன்றே வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது நியாயமான விலை என்றே சொல்வேன். எங்கும் தூங்கிவிடும் இளைஞர்களுக்கு வீண் செலவு.

திரும்பி வரும் பயணத்தின் கணக்கு வேறு. லண்டனிலிருந்து காலையில் கிளம்பும் விமானத்தைப் பிடித்தால், சிங்கப்பூரில் இறங்கும்போதுதான் லண்டன் கடிகாரப்படி நள்ளிரவு நெருங்கும். வழியில் பெரும்பாலும் விழித்தே இருப்பீர்கள். பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு விமானப் பயணி வரி என்று ஒன்றும் உண்டு. எகானமிக்குக் குறைந்த விகிதம். அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் இரண்டு மடங்குக்கும் அதிகம். பயணச்சீட்டில் சேர்ந்தே வருவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. போகும் இரவுக்கு மட்டும் பிரீமியம், திரும்ப எகானமி என்று கலந்து எடுப்பதுதான் என் யோசனை.

பணம் கட்டும் முன் எகானமியின் இருக்கை வரைபடத்தையும் பாருங்கள். கூட்டமில்லாத பருவத்தில், கிளம்புவதற்கு முந்தின நாளும் பின்வரிசைகள் காலியாகக் கிடந்தால், மூன்று இருக்கைகளின் கைப்பிடிகளையும் தூக்கிவிட்டுக் காலை மடக்கிப் படுக்க வாய்ப்பு உண்டு. பிரீமியத்தில் பல விமானங்களில் சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருக்கும். அதைத் தூக்க முடியாது, பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் படுக்க வழியில்லை.