சம்மதக் கையெழுத்தும் வீட்டு வாசலும்

இரவுப் பணிக்கான சம்மதப் படிவத்தில் நான் முதலில் தேடுவது, பணி முடிந்து திரும்பும் பெண்ணை வாகனம் எங்கே இறக்கிவிடும் என்பதைத்தான்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்களைப் பணியமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது. 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, நிபந்தனைகளை விதித்தது. பெண்களை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று, மீண்டும் வீட்டில் விட வேண்டும். இரவு மேற்பார்வையாளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தையும் கட்டாயமாக்குகிறது.

ஒரகடம் ஆலையிலிருந்து நள்ளிரவில் வரும் பேருந்து, பெருநகர் சாலைச் சந்திப்பில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுச் செல்வதாகக் கொள்வோம். அவரது கிராமம் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வாகனப் பதிவேட்டில் பயணம் முடிந்துவிட்டது. அவருக்கோ இருட்டில் பாதி வழி மீதமிருக்கிறது. பேருந்து நுழையாத தெருவுக்குச் சிறு வாகனம் ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை.

வாசலில் இறங்கிய நேரத்தை அப்பெண்ணே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெண் மேற்பார்வையாளர் அதை அன்றிரவே சரிபார்க்க வேண்டும். வழித்தடம் மாறினால் சம்மதத்தைப் புதிதாகக் கேட்க வேண்டும். மறுத்தால் வேலை போகும் என்ற அச்சத்தில் இடப்பட்ட கையெழுத்து, சம்மதம் ஆகாது.