விளம்பி வருஷத்து ஜவாபு கார்டு

ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் இரட்டை அட்டை ஒன்று விற்பார்கள். ரிப்ளை கார்டு, ஜவாபு கார்டு என்று பெயர். ஒரு பாதியில் நாம் விஷயத்தை எழுத வேண்டும்; ஒட்டியிருக்கும் மறுபாதியில் நம் சொந்த முகவரியை எழுதி அனுப்பிவிட வேண்டும். வாங்குகிறவர் அந்தப் பாதியைக் கிழித்துப் பதில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும், தபால்தலைக்குக் காசு தேட வேண்டாம். கல்யாணம் முடிந்து புகுந்த வீடு போன மகள்களுக்கு அப்பாக்கள் இதை அனுப்பியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் அப்பாயி அப்படி வந்த ஒரு கார்டில் பதில் பாதியைக் கிழிக்கவே இல்லை. அவர் காலமான பிறகு, கடிதம் குத்தி வைக்கும் கம்பியின் அடியில் அது கிடைத்தது. அவருடைய அப்பா தன் கையால் எழுதிய பிறந்த வீட்டு முகவரி முழுசாக அதில் இருந்தது. இருந்தது என்றாலும் படிக்க முடியவில்லை. மை வெளிறியிருந்தது, கம்பி குத்திய ஓட்டையும் அதைச் சுற்றிய துருவும் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளைத் தின்றிருந்தன. வீட்டில் யாருக்கும் அந்த ஊர் தெரியாது. “குத்தாலம் பக்கம்னு சொல்லுவாங்க” என்பதற்கு மேல் அப்பாவுக்கும் தெரியவில்லை.

இந்த மாதிரி அட்டையில் முதலில் தேட வேண்டியது ஊரை அல்ல, காலத்தை. எந்த வருஷம் என்று தெரிந்தால்தான் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தப் பதிவேடு என்று சொல்ல முடியும். கடிதத்தின் தலையில் ‘விளம்பி ௵ ஐப்பசி ௴ 12’ என்று இருந்தது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. விளம்பி 1898-லும் வந்தது, 1958-லும் வந்தது, 2018-லும் வந்தது. எது என்பதை அட்டையில் அச்சிட்டிருந்த விலை சொன்னது: 5 நயா பைசா. 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. 1964-ல் ‘நயா’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆகவே 1958 அக்டோபர் கடைசி. அட்டையின் விலையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வாங்கி வைத்த அட்டையைப் பல வருஷம் கழித்து எழுதுவதும் உண்டு. இங்கே தமிழ்த் தேதியும் தபால் முத்திரையில் மிஞ்சியிருந்த ‘29’-ம் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஐப்பசி 12 அக்டோபர் 28 வாக்கில் விழும், மறுநாள் பெட்டியில் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது மை. அந்தக் காலத்து நீலக்கறுப்பு மையில் சாயமும் இரும்பும் கலந்திருக்கும். நீலச் சாயம் வெளிச்சத்தில் போய்விடும், இரும்பு மட்டும் மங்கிய பழுப்பாகக் காகிதத்தில் தங்கும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அதன்மேல் பிடித்தால் காகிதம் ஒளிரும், இரும்பு மை ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். எங்கள் அட்டையில் நான்கு வரிகளில் மூன்று அப்படித்தான் எழுந்து வந்தன. பென்சிலிலோ பால்பாயிண்ட் பேனாவிலோ எழுதியதற்கு இந்த வித்தை அவ்வளவாக உதவாது. அதற்குச் சாதாரண டார்ச்சை அட்டையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, எழுத்து அழுந்திய பள்ளத்தின் நிழலைப் போட்டோ எடுக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பதும் லாமினேட் செய்வதும் மிச்சம் இருப்பதையும் அழித்துவிடும்.

மூன்றாவது வரி ‘குத்தாலம் போஸ்ட்’. இதிலும் ஒரு சிக்கல். அருவி விழும் குற்றாலத்தையும் பேச்சில் குத்தாலம் என்றே சொல்கிறோம், பேசுகிற மாதிரியே எழுதும் பழக்கமும் உண்டு. உறவினர் பாதிப் பேர் தென்காசிக்குப் போகச் சொன்னார்கள். தீர்த்து வைத்தது முத்திரை. அதில் ‘கே-யூ-டி’ என்ற ஆங்கில எழுத்துகள் தெளிவாக இருந்தன. அருவிக் குற்றாலத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டு ‘சி’-யில் தொடங்கும். அப்பாயி சொன்ன வீட்டுக் கதைகளில் ராத்திரி ரயில் சத்தமும் கொல்லைப்புற வாய்க்காலும் வரும். குற்றாலத்தில் ரயில் நிலையம் கிடையாது. குத்தாலமோ தஞ்சாவூர் - மாயவரம் ரயில் பாதையில், காவிரிப் பாசனத்தில் இருக்கும் ஊர்.

1958-ல் அது தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா. 1982-ல் மாயவரம் மயிலாடுதுறை ஆனது. ஜில்லா 1991-ல் பிரிந்து நாகப்பட்டினம் பக்கம் போனது, 2020-ல் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆனது. பழைய முகவரியை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அட்டையில் பின்கோடும் இருக்காது, அது 1972-ல்தான் வந்தது. ஆனால் இன்றைய பின்கோடை வைத்துப் பின்னோக்கிப் போகலாம். குத்தாலத்தின் எண்ணைப் போட்டால் அதன் கீழ் வரும் கிளை அஞ்சலகங்களின் பட்டியல் கிடைக்கிறது. அட்டையில் மிஞ்சியிருந்த கடைசி எழுத்துகளில் முடியும் ஊர், ஓட்டையின் அகலத்துக்குப் பொருந்தும் பெயர் என்று சலித்தபோது ஒன்று நின்றது. அதை இங்கே எழுதவில்லை. வீட்டில் இப்போது இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள்.

ஊர் கிடைத்துவிட்டது, வீடு? முகவரியில் கதவு எண் இல்லை. ‘மேலத்தெரு’ என்று மட்டும் இருந்தது. கிராமத்தில் மேலத்தெரு என்பது கோயிலுக்கு மேற்கே இருப்பது, அதனால் தெருவைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ஆனால் அறுபது வருஷத்தில் மனைகள் கைமாறி, பங்கு பிரிந்து, இடித்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பட்டாவைத் தேடிப் பயனில்லை. வீடுகள் இருக்கும் இடம் கிராம நத்தம், 1958-ல் நத்த மனைகளுக்குத் தனித்தனிப் பட்டா கிடையாது.

வழி, சார் பதிவாளர் அலுவலகம். அங்கே விற்ற சொத்துகளுக்குப் பெயர்வாரி அட்டவணை உண்டு. தாத்தாவின் பெயரையும் உத்தேச வருஷங்களையும் கொடுத்துத் தேடுதல் கட்டணம் கட்டினால் ஆவண எண் வரும், அதை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம். உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, விற்பனைப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சாகப் பங்கு பிரித்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். எங்களுக்கு 1967-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் கிடைத்தது.

பத்திரத்தில் முக்கியமானது செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. வடக்கே இன்னார் மனை, கிழக்கே தெரு, தெற்கே பொதுச் சந்து, மேற்கே வாய்க்கால். மனைகள் மாறினாலும் சந்தும் வாய்க்காலும் லேசில் மாறாது. மேலத்தெருவில் அந்த இரண்டும் சந்திக்கும் மூலை ஒன்றே ஒன்று. திண்ணையில் இருந்த பெரியவரிடம் தாத்தாவின் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. வடக்கு எல்லைக்காரர் பெயரைச் சொன்னதும், “அவரு வீட்டுக்குத் தெக்கால வீடா தம்பி? கெணத்து வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டுமே” என்று எழுந்து வந்தார். ஊரில் வீட்டுக்குப் பெயர் அதில் இருந்த கிணற்றால் வந்தது, ஆளால் அல்ல.

முன்பாதி இடித்துக் கான்கிரீட் ஆகிவிட்டது. பின்கட்டும் வீட்டுக்குள் இருக்கும் கிணறும் அப்பாயி சொன்னபடியே இருந்தன. வீட்டுக்காரர்கள் காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அட்டையைவிட என் கையிலிருந்த பத்திர நகலைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். தெற்கே இருக்கும் சந்து தனக்குச் சொந்தம் என்று பக்கத்து மனைக்காரர் வேலி போட்டிருக்கிறாராம். 1967 பத்திரம் அதைப் பொதுச் சந்து என்கிறது. மறுநாள் அவர்களுக்கும் ஒரு சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுத்தேன். நத்தம் நில அளவைப் பதிவையும் அதோடு சேர்த்துத் தாசில்தாரிடம் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.