சாவி ஒருமுறை மட்டும் வெளியே வரும்

போனை ஆன் செய்து சிக்னல் கோடுகள் எழுவதற்குள், சிம்முக்கும் நெட்வொர்க்குக்கும் இடையே ஒரு கேள்வி-பதில் நடந்து முடிந்துவிடுகிறது. அதில் உங்கள் மொபைல் எண்ணுக்கு வேலையே இல்லை. சிம் சொல்வது ஐஎம்எஸ்ஐ என்ற 15 இலக்க எண்ணை. இந்தியச் சிம் என்றால் அது 404 அல்லது 405 என்று தொடங்கும்.

சொல்லிவிட்டால் நம்பிவிடுவார்களா? அதற்குத்தான் 128 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி. அது சிம்முக்குள் ஒன்றும், நிறுவனத்தின் சர்வரில் ஒன்றுமாக இருக்கிறது. போனுக்குக்கூடத் தெரியாது. நெட்வொர்க் ஒரு தாறுமாறான எண்ணை அனுப்பும். சிம் அதைச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். நிறுவனமும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். அடுத்த முறை கேள்வி வேறு என்பதால், காற்றில் ஒட்டுக்கேட்டவருக்குப் பழைய விடை உதவாது.

2ஜியில் சிம் மட்டும்தான் தன்னை நிரூபித்தது. டவர் போலியா என்று கேட்க அதற்கு வழியில்லை. 3ஜியிலிருந்து, கேள்வியோடு நெட்வொர்க் தன் அத்தாட்சியையும் ஒரு வரிசை எண்ணையும் அனுப்ப வேண்டும். பழைய வரிசை எண் வந்தால் சிம் பதில் தராது.

கணக்கு பலவீனமாக இருந்தால் சாவியும் போய்விடும். பல 2ஜி சிம்களில் இருந்த காம்ப்128 முறையை 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்தார்கள். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சுமார் ஒன்றரை லட்சம் கேள்விகள் கேட்டால், விடைகளிலிருந்தே சாவியை எடுத்து நகல் சிம் செய்துவிடலாம்.

இ-சிம் வந்தபோதும் இந்தக் கேள்வி-பதில் அப்படியேதான் இருக்கிறது. மாறியது சாவி வந்து சேரும் வழி. பழைய சிம்மில் அது கார்டு தயாராகும்போதே பதிந்துவிடும். இ-சிம்மில், போனிலேயே பற்றவைத்த சிப்புக்கு இணையம் வழியாகப் போக வேண்டும். கடையில் தரும் க்யூஆர் கோடில் சாவி இல்லை. அதைப் பிரித்தால் இப்படி இருக்கும்:

```
LPA:1$smdp.example.com$K7Q2-9XPT-4MBD
```

நடுவில் சர்வர் முகவரி, கடைசியில் உங்களுக்காக எடுத்துவைத்த ப்ரொஃபைலின் அடையாளம். சிப்பும் சர்வரும் சான்றிதழ்களைக் காட்டி ஒன்றையொன்று சரிபார்த்த பிறகு, அந்தச் சிப் மட்டுமே திறக்கக்கூடியபடி பூட்டிய ப்ரொஃபைல் இறங்கும். போன் வெறும் சுமைகூலி. உள்ளே இருப்பதைப் படிக்க அதனால் முடியாது.

ஆக, எல்லாம் சிப்பின் சான்றிதழை நம்பியே நிற்கிறது. 2025-ல் போலந்தைச் சேர்ந்த செக்யூரிட்டி எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் ஆய்வாளர்கள், கிகென் நிறுவனச் சிப் ஒன்றின் சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியை வெளியே எடுத்தார்கள். அதை வைத்துப் பல நிறுவனங்களின் ப்ரொஃபைல்களைப் பூட்டில்லாமல் இறக்கிக் காட்டினார்கள். சோதனைக்கென்று விட்டுவைத்த ஒரு ப்ரொஃபைல்தான் ஓட்டை. கிகென் அதை அடைத்துவிட்டது.

நமக்கு நேரக்கூடியது இதைவிடச் சாதாரணமானது. க்யூஆர் கோடை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால், பெரும்பாலும் முதலில் ஸ்கேன் செய்தவருக்கே இணைப்பு. போனை ரீசெட் செய்யும்போது இ-சிம்மையும் அழித்துவிட்டால், பழைய கோடு பொதுவாக மறுபடி வேலை செய்யாது. நிறுவனத்திடம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.