கூடையை நிரப்பியவர் ஏன் வாங்காமல் போனார்? சிறு இணையக் கடையின் எண்களை வாசித்தல்

கண்டி மத்திய சந்தையில் வாசனைத் திரவியக் கடை வைத்திருப்பவருக்குத் தனியாகப் புள்ளிவிபரம் எதுவும் தேவையில்லை. யார் மிளகை முகர்ந்து பார்க்கிறார், யார் விலை கேட்டதும் அடுத்த கடைக்கு நகர்கிறார் என்பதையெல்லாம் அவர் கல்லாவில் இருந்தபடியே பார்த்துவிடுகிறார். அதே மிளகை இணையத்தில் விற்பவருக்கு அந்தப் பார்வை கிடையாது. வந்தவரின் முகமும் தெரியாது, அவர் திரும்பிப் போனதும் தெரியாது. அவரிடம் இருப்பவை கடைத்தளம் காட்டும் சில எண்கள் மட்டுமே. அவற்றைப் பலர் பார்க்கிறார்கள்; ஆனால், பெரும்பாலும் தவறான எண்ணைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கட்டுகஸ்தோட்டையில் உள்ள ஒரு வீட்டிலிருந்து, மாத்தளைப் பக்கம் வாங்கும் மிளகு, கறுவா, கராம்பு ஆகியவற்றைக் கால் கிலோ பொதிகளாக விற்கிறார்கள். கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்தவை. உங்கள் கடையின் எண்களை அதே இடங்களில் வைத்துப் பாருங்கள்.

ஒரு மாதத்தில் 2,000 வருகைகள். அவற்றில் 160 தடவை யாரோ ஒருவர் பொருளைக் கூடையில் போட்டிருக்கிறார். 90 தடவை பணம் செலுத்தும் பக்கம் வரை போயிருக்கிறார்கள். ஓடர்கள் 30. ஓடர்களை வருகைகளால் வகுத்து நூறால் பெருக்கினால் 1.5 வீதம் வருகிறது. இதைத்தான் மாற்று வீதம் என்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் ‘நூறு பேர் வந்து இரண்டு பேர்கூட வாங்கவில்லையே’ என்ற கவலை வரும். ஆனால், வருகை என்பது ஆள் எண்ணிக்கை அல்ல. ஒருவர் காலையில் பார்த்துவிட்டு இரவில் திரும்பவும் வந்தால் அது இரண்டு வருகை. கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றவை பொதுவாக 30 நிமிடங்கள் அசைவில்லாமல் இருந்தால் ஒரு வருகை முடிந்துவிட்டதாகக் கொள்கின்றன. நீங்களும் வீட்டாரும் கடையைத் திறந்து பார்ப்பதும் இதில் சேரலாம். சிறிய கடையில் அதுவே கணக்கைக் குழப்பப் போதுமானது.

அடுத்து, வருகைகளை வந்த வழிப்படி பிரித்துப் பாருங்கள். நமது கடையில் 1,400 வருகைகள் பேஸ்புக் விளம்பரத்தால் வந்தவை. அவற்றில் ஓடர்கள் 7. மீதி 600 பேர் தேடியோ நேரடியாகவோ வந்தவை, ஓடர்கள் 23. முதல் வழியின் மாற்று வீதம் 0.5, இரண்டாவதினுடையது 3.8. ஆக, 1.5 என்பது இந்தக் கடையில் எந்த வாடிக்கையாளரையும் குறிக்காத ஒரு சராசரி. விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவழித்தால் வருகை ஏறும், மாற்று வீதம் இறங்கும்; கடையில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. இதற்காக விளம்பரத்தை உடனே நிறுத்திவிடவும் கூடாது. பேஸ்புக்கில் கண்டவர் ஒரு கிழமை கழித்துப் பெயரைத் தேடி வந்து வாங்கினால், அந்த ஓடர் தேடல் கணக்கில் எழுதப்படலாம்.

இனி கூடை. 160 கூடைகளில் 30தான் ஓடராகின. 81 வீதம் கைவிடப்பட்டன. இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. உலகளவிலான ஆய்வுகளைத் தொகுத்துவரும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்கில் சராசரி 70 வீதம் அளவில் இருக்கிறது. பலர் விலையைக் கூட்டிப் பார்க்கவே கூடையைப் பயன்படுத்துகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் படியில் போனார்கள் என்பதே. கூடைக்கும் பணம் செலுத்தும் பக்கத்துக்கும் இடையில் 70 பேர் போனார்கள். இவர்களில் வேடிக்கை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால், பணம் செலுத்தும் பக்கத்துக்கே வந்த 90 பேரில் 60 பேர் போய்விட்டார்கள். இவர்கள் வாங்குவதற்காக வந்தவர்கள்.

அந்தப் பக்கத்தை வாடிக்கையாளராக, ஒரு கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். 750 ரூபா மிளகுப் பொதிக்கு 400 ரூபா கூரியர் கட்டணம் அங்கேதான் முதன்முறையாகத் தெரிகிறது. பேமார்ட் ஆய்வுகளிலும் கைவிடுவதற்கான காரணங்களில் முன்னால் நிற்பது இப்படிக் கடைசியில் சேரும் செலவுதான்.

செய்யக்கூடியவை இரண்டு. கூரியர் கட்டணத்தைப் பொருளின் விலைக்குக் கீழேயே எழுதிவிடலாம். அப்போது கூடையில் போடுபவர்கள் குறைவார்கள். அது நட்டமல்ல, எப்படியும் போயிருப்பவர்கள் முன்னதாகவே போகிறார்கள். மற்றது, மூன்று பொதி வாங்கினால் கூரியர் இலவசம் என்பது. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு கிலோவுக்குள்தான் வரும் என்பதால் கட்டணம் அதே 400. ஒரு பொதியில் 250 ரூபா இலாபம் என்றால் மூன்றில் 750. கூரியரைக் கழித்து 350 மிஞ்சும். தனிப் பொதி விற்றுக் கிடைக்கும் 250ஐ விட இது கூடுதல். உங்கள் இலாபம் பொதிக்கு 150 ஆக இருந்தால் மிஞ்சுவது 50 மட்டுமே. அதனால், சலுகையை அறிவிக்க முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள்.

நம் நாட்டுக் கடைகளுக்கு இன்னும் இரண்டு திருத்தங்கள் தேவை. கடைத்தளத்தைப் பொறுத்தவரை ஓடர் வந்த உடனேயே விற்பனை முடிந்துவிடுகிறது. ஆனால், பொருள் கையில் கிடைத்த பின் பணம் தரும் முறையில், பார்சல் திரும்பியும் வரலாம். 30 ஓடர்களில் 5 திரும்பினால் உண்மையான மாற்று வீதம் 1.25. அத்தோடு, போன பார்சல்களின் கூரியர் செலவும் கையைக் கடிக்கும். அனுப்ப முன் ஒரு அழைப்பெடுத்து உறுதிப்படுத்திய ஓடர்களில் எத்தனை திரும்பின, அழைக்காதவற்றில் எத்தனை என்று ஒரு மாதம் குறித்தால் அந்த அழைப்பின் பெறுமதி தெரிந்துவிடும். மறுபக்கத்தில், கூடையை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ‘அண்ணா, இது இருக்கா?’ என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. தளம் அவர்களைக் கைவிட்டவர்களாகவே எண்ணும். அந்த ஓடர்களை ஒரு கொப்பியில் எழுதி, மாத முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அவசரம் பற்றி. மாற்றத்தைச் செய்த பின் அடுத்த மாதம், அதே 2,000 வருகைக்கு 36 ஓடர்கள் வந்தால் வெற்றியா? சிறிய எண்கள் காரணமில்லாமலே ஏறி இறங்கும். இரண்டு மாத ஓடர்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிப்பாக்குங்கள். 66இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8, இரட்டித்தால் 16. கிடைத்த வித்தியாசம் 6 மட்டுமே. எனவே இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை. அதற்காக மாற்றம் தோற்றுவிட்டது என்றும் பொருளல்ல. இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறெதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். தீபாவளி மாதத்தை அதற்கு அடுத்த மாதத்தோடு ஒப்பிடுவதும், எசல பெரஹரா நாட்களில் கண்டி வீதிகள் மூடப்பட்டுப் பார்சல்கள் தாமதமாகும் கிழமையை வழமையான கிழமையோடு ஒப்பிடுவதும் ஏமாற்றிவிடும்.

மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே தாளில் ஆறு எண்களை எழுதினால் போதும்: வருகை, கூடை, பணம் செலுத்தும் பக்கம், ஓடர், திரும்பிய பார்சல், வாட்ஸ்அப் ஓடர். எந்த இரண்டு எண்களுக்கு இடையில், வாங்க வந்தவர்கள் அதிகமாகத் தொலைகிறார்களோ, அந்தப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள். சந்தைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து பார்ப்பதும் அதைத்தான்.