எபிரேயச் சார்புத்தொடரும் தமிழ் வேற்றுமையும்

'அரசனுடைய வீடு' என்று தமிழில் சொல்லும்போது, உடைமையைக் காட்டும் உருபு அரசன் என்னும் சொல்லோடு சேர்கிறது; வீடு என்னும் சொல் மாறுவதில்லை. இந்தி வழங்கும் நகரங்களில் வாழும் தமிழர்கள் அன்றாடம் கேட்கும் 'ராஜா கா கர்' என்ற தொடரிலும் 'கா' என்பது அரசனைத் தொடர்ந்தே வருகிறது. விவிலியப் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுதப்பெற்ற எபிரேய மொழியின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அங்கே அரசன் என்னும் சொல் மாறாமல் நிற்க, வீடு என்னும் சொல்லே உருவம் மாறுகிறது. 'பயித்' என்றால் வீடு. 'மெலெக்' என்றால் அரசன். இரண்டும் இணையும்போது 'பேத் மெலெக்' என்றாகிறது. இடையில் உருபு என்று ஒன்றும் இல்லை. உடைமைப் பொருளைச் சுட்டும் சொல் முதலில் வந்து, ஒலியிற் குறுகி, அடுத்த சொல்லின்மீது சாய்ந்து நிற்கிறது. அதனாலேயே எபிரேய இலக்கணத்தார் இதனைச் 'செமிகூத்', அதாவது சார்ந்து நிற்றல், என்றனர். நாம் இதனைச் சார்புத்தொடர் எனலாம்.

இத்தொடரைத் தமிழாக்கப் புகுவோர் முதலில் நாடுவது ஆறாம் வேற்றுமையை. பல இடங்களில் அது பொருந்தவும் செய்யும். ஆனால் நம் ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை ஒன்றே. எபிரேயச் சார்புத்தொடரோ கிழமையோடு நில்லாமல், செய்பொருள், பண்பு, பெயர், நோக்கம், சிறப்பு எனப் பலவற்றையும் ஒரே உருவத்தில் அடக்கிக்கொள்கிறது. 'கெலே கெசெப்' என்பது சொல்லுக்குச் சொல் 'வெள்ளியின் பாத்திரங்கள்'. தமிழில் அது வெள்ளிப் பாத்திரங்கள். 'நெஹர் பெராத்' என்பது 'பெராத்தின் நதி' அன்று. பெராத்து என்னும் பெயருடைய நதி. பிறர் யூப்ரடீஸ் என்று அழைப்பது அதனையே. 'சாரைப்பாம்பு' போல இருபெயரொட்டாக 'பெராத்து நதி' என்றால் போதும். இவை நமக்கு எளியவை. உருபை விட்டுவிட்டுத் தொகையாக்கினால் பொருள் தானே விளங்கும்.

உண்மையான இடர், முதற்சொல் ஒரு செயலைக் குறிக்கும்போது எழுகிறது. செயலென்றால் அதனைச் செய்பவன் ஒருவன் உண்டு. அதற்கு உள்ளாகிறவனும் உண்டு. சார்புத்தொடரின் இரண்டாம் சொல் இவ்விருவரில் எவனையும் குறிக்கலாம். 'ஹாமாஸ்' என்னும் எபிரேயச் சொல்லை எடுத்துக்கொள்வோம். கொடுமை, வன்செயல் என்பது அதன் பொருள். எசேக்கியேல் நூலின் 12ஆம் அதிகாரத்தில் இச்சொல் நாட்டிலே குடியிருப்பவர்கள் என்னும் சொல்லைச் சார்ந்து வருகிறது. அங்கே கொடுமை செய்தவர்கள் அக்குடிகளே. ஆகவே 'குடிகளின் கொடுமை' என்று பெயர்த்தால் பிழையில்லை.

அதே சொல் ஒபதியா நூலின் 10ஆம் வசனத்தில் 'உன் சகோதரன் யாக்கோபு' என்பதைச் சார்ந்து நிற்கிறது. உருவத்தில் இரண்டுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. இதனையும் அவ்வாறே 'உன் சகோதரன் யாக்கோபின் கொடுமை' என்று பெயர்த்தால் என்ன ஆகும்? தமிழ் படிப்பவர் யாக்கோபே கொடுமை செய்தான் என்று கொள்வார். நூலாசிரியர் சொல்ல வந்ததோ இதற்கு முற்றிலும் மாறானது. அந்நூல் ஏதோம் நாட்டாரை நோக்கிப் பேசுகிறது. ஏதோமியர் ஏசாவின் வழியினர். ஏசாவும் யாக்கோபும் உடன்பிறந்தவர்கள். எருசலேமுக்கு அழிவு வந்தபோது ஏதோமியர் விலகி நின்று வேடிக்கை பார்த்ததையும், தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுத்ததையும் அடுத்து வரும் வசனங்கள் எடுத்துரைக்கின்றன. எனவே கொடுமை செய்தவன் யாக்கோபு அல்லன், கொடுமைக்கு உள்ளானவன். 'உன் சகோதரனாகிய யாக்கோபுக்கு நீ இழைத்த கொடுமை' என்பதே சரியான தமிழ். 'இன்' என்னும் ஓர் உருபு, துன்புற்றவனைக் குற்றவாளியாக்கிவிடக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வகைத் தடுமாற்றம் தமிழர்க்குப் புதியது அன்று. 'புலி கொல் யானை' என்றால், புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? இவ்வாறு இரண்டாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் இடையே நின்று தடுமாறுவதைத் தொல்காப்பியர் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பின்வரும் சொல்லைக் கொண்டு உண்மைப் பொருளைத் தெளிய வேண்டும் என்பதும் அவர் காட்டிய வழியே. யானை ஓடுகிறது என்று தொடர் முடிந்தால், அது உயிரோடிருப்பது. கொன்றது யானையே என்று தெளிகிறோம். ஒபதியாவைப் படிப்போர்க்கும் இதே வழிதான் துணையாகிறது. செய்தவன் யார், உற்றவன் யார் என்று கேட்டு, விடையை அடுத்த வசனங்களில் தேட வேண்டும். விடை கிடைத்தபின், செய்தவனைச் சுட்ட வேண்டுமாயின் 'இன்' உருபையும், உற்றவனைச் சுட்ட வேண்டுமாயின் 'கு' உருபையும் ஒரு வினையெச்சத்தையோ பெயரெச்சத்தையோ துணைகொண்டு எழுதலாம்.

சார்புத்தொடரின் இறுதிச் சொல்லோடு 'என்', 'உன்' என்னும் பொருள்தரும் விகுதி சேரும்போது இன்னொரு சிக்கல் தோன்றுகிறது. 'ஹர்' என்றால் மலை; 'கோதெஷ்' என்றால் தூய்மை. 'ஹர் கொத்ஷீ' என்பது சொல்லுக்குச் சொல் 'என் தூய்மையின் மலை'. ஆனால் எபிரேய மொழியில் சார்ந்து நிற்கும் முதற்சொல் தனக்கென விகுதி பெறுவதில்லை. தொடர் முழுவதற்கும் உரிய விகுதி கடைசிச் சொல்லிலேதான் ஏறும். ஆகவே இங்கே 'என்' என்பது தூய்மையை மட்டும் தழுவவில்லை, மலையைத் தழுவுகிறது. தூய்மையும் இங்கே உடையவனைக் குறிக்கும் சொல்லாக நிற்கவில்லை. மலைக்கு அடைமொழியாக நிற்கிறது. 'என் தூய மலை' என்று எழுதினால் இரண்டும் தத்தம் இடத்திற்கு வந்துவிடுகின்றன.

சில தொடர்கள் இரண்டு சொற்களோடு முடிவதில்லை. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில் முதிய யாக்கோபு பார்வோனுக்குத் தன் வயதைச் சொல்லுமிடத்தில், நாட்கள், ஆண்டுகள், வாழ்வு, என் தந்தையர் என்னும் நான்கு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வருகின்றன. தமிழ் இவ்வரிசையைத் தலைகீழாக்கும். 'என் தந்தையரின் வாழ்வின் ஆண்டுகளின் நாட்கள்' என்று மூன்று 'இன்' அடுக்கினால் இலக்கண வழு இல்லை. ஆயினும் அது செவிக்கு இடறுகிறது. நடுவிலுள்ள 'வாழ்வு' என்னும் பெயரை வினையாக்கி, 'என் தந்தையர் வாழ்ந்த ஆண்டுகளின் நாட்கள்' என்றால், தொடர் தமிழாகிவிடுகிறது. பொருளிலும் ஒன்றும் குறைவதில்லை.

மூலமே தெளிவாகச் சொல்லாத இடங்களும் உண்டு. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் வரும் 'ரூஅஹ் எலோஹீம்' என்பதனைக் கடவுளுடைய ஆவி என்றும், கடவுளிடமிருந்து வந்த காற்று என்றும், மிகப் பெருங்காற்று என்றும் அறிஞர்கள் மூவிதமாகக் கொண்டுள்ளனர். இத்தகைய இடத்தில் 'இறையாவி' போன்ற தொகை, உறவு இன்னதென்று துணிந்துரையாமல் மூலத்தின் மௌனத்தை ஓரளவு காக்கிறது. ஓரளவு என்பதற்குக் காரணம் உண்டு. ரூஅஹ் என்பது ஆவியையும் காற்றையும் ஒருங்கே குறிக்கும் சொல். தமிழில் ஆவி என்று எழுதிய அளவிலேயே காற்று மறைந்துவிடுகிறது. தொகை, சொற்களுக்கு இடையேயுள்ள உறவை மட்டுமே மறைத்து வைக்கும். சொல்லைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு பெயர்ப்பவரையே சாரும்.