அணைந்த பின்னும் எரியும் பேட்டரி

மின்சார காரின் லித்தியம் அயனி பேட்டரியில் ஒரு செல் நசுங்கினாலோ உள்ளே ஷார்ட் ஆனாலோ அது சூடேறும். ஓர் எல்லையைத் தாண்டினால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் சிதைந்து தாங்களே வெப்பத்தை உமிழும். அந்த வெப்பம் சிதைவை மேலும் விரைவாக்கும். இதுவே வெப்பப் பாய்ச்சல். எரியும் வாயுக்கள் பீறிட, பக்கத்துச் செல்லும் அதே கதிக்கு ஆளாகும்.

வெளியிலிருந்து வரும் காற்றைத் தடுத்தால் மட்டும் இது நிற்காது. வெப்பத்தை உறிஞ்சியாக வேண்டும். அதற்குத் தண்ணீரே சிறந்தது. ஆனால் மழைநீரே புகாதபடி செய்த உலோகப் பெட்டிக்குள், காரின் அடியில் செல்கள் இருக்கின்றன. பீய்ச்சும் நீரில் பெரும்பகுதி வெளியே வழிந்தோடிவிடும். டெஸ்லாவின் மீட்புக் கையேடு சுமார் 11,000 முதல் 30,000 லிட்டர் வரை தேவைப்படலாம் என்கிறது.

தீ அணைந்தாலும் சேதமான செல்களில் மின்னாற்றல் தங்கியிருக்கும். 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் மோதி எரிந்த டெஸ்லா மாடல் எக்ஸ் கார், ஐந்து நாள் கழித்து, நிறுத்திவைத்த இடத்தில் மீண்டும் தீப்பிடித்தது. அதனால்தான் வீரர்கள் வெப்பக் கேமராவால் பெட்டியின் சூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். புகையோ குமிழியிடும் ஒலியோ சீறலோ இருந்தால் பேட்டரி இன்னும் சூடேறுகிறது என்று பொருள். இழுத்துச் சென்ற பிறகும் வண்டியை மற்றவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.