ஒன்பது மெகா ஹெர்ட்ஸ் கூரை

சிற்றலை கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும்: இலங்கை வானொலி போன்ற நிலையங்கள் அந்நாளில் பகலில் ஒரு மீட்டரிலும் இரவில் இன்னொரு மீட்டரிலும் கிடைத்தன. அறிவிப்பாளர் அலைவரிசையை மாற்றச் சொன்னதும் முள்ளைத் திருப்பிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்து கேட்டோம். அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

தரையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அந்த உயரத்தில் காற்று மிக அரிது. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் நெடுநேரம் தனித்துத் திரியும். இப்படி உதிரி எலெக்ட்ரான்களும் நேர்மின் அயனிகளும் கலந்து கிடக்கும் நிலைதான் பிளாஸ்மா.

இந்தக் கலவையில் ஒரு கொத்து எலெக்ட்ரான்களைச் சற்றே இடம் பெயர்த்தால் என்ன ஆகும்? பின்தங்கிய அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் எலெக்ட்ரான்கள் பழைய இடத்தைத் தாண்டிப் போய், மறுபடி இழுபட்டு, ஊஞ்சல் போல ஆடும். அயனிகள் பல்லாயிரம் மடங்கு கனமானவை என்பதால் அநேகமாக அசைவதே இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதே பிளாஸ்மா அதிர்வெண். எலெக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் இழுவிசை கூடும், ஆட்டமும் விரையும். ஆனால் நேர் விகிதத்தில் அல்ல: அடர்த்தி நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்குதான் ஆகும். எலெக்ட்ரானின் மின்னூட்டம், நிறை போன்ற மாறிலிகளையெல்லாம் பெருக்கி வகுத்துப் பார்த்தால் மிஞ்சுவது இவ்வளவே:

f = 9√N

N என்பது ஒரு கன மீட்டரில் உள்ள எலெக்ட்ரான்கள். F ஹெர்ட்ஸில் வரும்.

கீழிருந்து ஏறும் வானொலி அலை இந்த அதிர்வெண்ணைவிட மெதுவாக அதிர்ந்தால், எலெக்ட்ரான்கள் அதற்கு ஈடுகொடுத்து ஆடி அதன் மின்புலத்தை உள்ளே நுழையவிடாமல் செய்துவிடும். அலை திரும்பி வரும். வேகமாக அதிர்ந்தால் எலெக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியாது, அலை ஊடுருவிப் போய்விடும். நேர் மேலே அனுப்பிய அலைகளில் திரும்பி வரக்கூடியவற்றின் உச்ச வரம்பே மாறுநிலை அதிர்வெண். மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் மிக அடர்ந்திருக்கும் உயரம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

நல்ல பகலில் அங்கே கன மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 10 லட்சம். ஒன்பதால் பெருக்கினால் 90 லட்சம் ஹெர்ட்ஸ், அதாவது 9 மெகா ஹெர்ட்ஸ். இரவில் வெயில் இல்லாமல் அடர்த்தி 20,000 கோடியாகக் குறைந்தால், வரம்பு ஏறக்குறைய 4 மெகா ஹெர்ட்ஸாகிவிடும்.

கொழும்பிலிருந்து சென்னைக்கு அலை நேர் மேலே போவதில்லை, சாய்ந்து போகிறது. தூரம் சுமார் 690 கிலோமீட்டர். பாதி வழியில், 300 கிலோமீட்டர் உயரத்தில் திரும்புவதாகக் கொண்டால், சாய்வுப் பாதை சுமார் 457 கிலோமீட்டர் வரும். அதை உயரத்தால் வகுத்தால் 1.52. வரம்பும் அத்தனை மடங்கு உயரும்: பகலில் சுமார் 13.7, இரவில் 6.1 மெகா ஹெர்ட்ஸ். ஆகவே பகலில் 25 மீட்டர் (11.8 மெகா ஹெர்ட்ஸ் அளவு) சென்னைக்கு வந்து சேரும், இரவில் அதே அலை வான்வெளிக்குப் போய்விடும், 49 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். பகலிலும் 49 மீட்டரிலேயே இருந்துவிடலாமே என்றால், கீழடுக்கில் பகலில் தோன்றும் எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்களைத்தான் அதிகம் விழுங்குகின்றன. பண்பலை 100 மெகா ஹெர்ட்ஸ் சங்கதி, இந்தக் கூரை அதற்கு எட்டாது.

கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். அப்படித்தான் நிஜத்தில் செய்கிறார்கள். அயனோசோண்ட் என்ற கருவி அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றியபடி மேல்நோக்கித் துடிப்புகளை அனுப்பும். எதிரொலி 2 மில்லி நொடியில் வந்தால் உயரம் 300 கிலோமீட்டர். 1925இல் அமெரிக்காவில் பிரைட்டும் டூவும் செய்து காட்டிய முறை இது. வரம்பை நெருங்க நெருங்கத் துடிப்பு மேலே தயங்கும். வரைபடத்தில் உயரம் திடீரென எகிறும். உண்மையில் அடுக்கு உயரவில்லை, எதிரொலி தாமதமாகிறது. அந்தச் செங்குத்துக் கோடு நிற்கும் இடத்தில் மாறுநிலை அதிர்வெண்ணை வாசித்து, ஒன்பதால் வகுத்து, வர்க்கப்படுத்தினால் எலெக்ட்ரான் அடர்த்தி கிடைத்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பூமியின் காந்தப்புலம் அலையை இரண்டாகப் பிரிப்பதால் வரைபடத்தில் இரண்டு கோடுகள் விழும். நம் ஊர்ப் பக்கம் இடைவெளி அரை மெகா ஹெர்ட்ஸ் அளவு. சாதாரணக் கோடு எனப்படும், குறைந்த அதிர்வெண்ணில் முடிவதற்குத்தான் சூத்திரம் பொருந்தும். 9க்குப் பதில் 9.5 என்று மற்றதை வாசித்துவிட்டால், வர்க்கப்படுத்தும்போது அடர்த்தி 11 சதவீதம் கூடிப்போகும்.

உச்ச அடர்த்திக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் தரைக் கருவி சொல்லாது. அதைத் தாண்டிய அலை திரும்புவதே இல்லை. 1962இல் கனடாவின் ஆலூவெட்-1 செயற்கைக்கோள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி அதே வேலையைக் கீழ்நோக்கிச் செய்த பிறகுதான் அந்த மேல்பாதி பரவலாக அளக்கப்பட்டது.